அவன், அவள், அவர்: வேலை விளம்பரத்திலும் படிவத்திலும் விதிகளிலும் பால்நிலைப் பொதுமொழி

ஒரு பதவிக்கோ விதிக்கோ உரியவர் ஆணா பெண்ணா என்று வாசகர் ஊகிக்க வேண்டிய தேவையே எழாதபடி எழுதும் முறையைப் பால்நிலைப் பொதுமொழி என்கிறோம். இதற்குப் புதிய சொற்களை ஆக்க வேண்டும், வாக்கியங்களில் சாய்கோடுகளை நிரப்ப வேண்டும், அதனால் எழுத்து வாசிக்க முடியாததாகிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. தமிழைப் பொறுத்தவரை அந்த அச்சத்துக்குப் பெரிய காரணம் இல்லை. நம் இலக்கணத்தில் உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால் என்பவற்றோடு பலர்பாலும் இருக்கிறது. பலரைக் குறிக்க எழுந்த 'அர்' என்ற விகுதி, மரியாதையின் பொருட்டு ஒருவரையும் குறிக்கலாயிற்று. 'வந்தார்' என்று எழுதும்போது வந்தவர் ஆணா பெண்ணா என்று நாம் சொல்வதில்லை. வாக்கியம் சிறிதும் கோணுவதுமில்லை.

ஆனாலும் நம்மிடையே வெளியாகும் அறிவித்தல்களும் படிவங்களும் பால்சார்ந்தே இருப்பதற்கு ஒரு காரணம், அந்த விகுதி மரியாதையோடு பிணைந்திருப்பதுதான். மரியாதை படிநிலைப்படியே பங்கிடப்படுகிறது. மலையகத்து நகரமொன்றின் சிறிய காரியாலயத்தை எடுத்துக்கொண்டால், ஆவணங்களில் முகாமையாளர் எப்போதும் 'அவர்'. இரவுக் காவலுக்கு இருப்பவர் 'அவன்' ஆகிவிடுவார், கூட்டித் துடைப்பவர் 'அவள்' ஆகிவிடுவார். ஆகவே தமிழில் பால்நிலைப் பொதுமையைக் கடைப்பிடிப்பதென்பது பெரும்பாலும், மேலே உள்ளவருக்குக் கொடுக்கும் விகுதியைக் கீழே உள்ளவருக்கும் கொடுப்பதாகவே முடிகிறது. இதைப் புரிந்துகொண்டால் வேலையில் பாதி முடிந்துவிடும். மீதிப் பாதிதான் நுணுக்கமானது.

அதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்ப்போம். தலவாக்கலைப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டிச் சிறுகடன் வழங்கும் ஒரு கூட்டுறவுச் சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது வெளியிடும் அறிவித்தல் இப்படி இருக்கிறது:

"தோட்டப் பிரிவுகளில் சேமிப்புப் பணம் சேகரிப்பதற்கு வெளிக்கள உத்தியோகத்தர் (ஆண்/பெண்) தேவை. துடிப்புள்ள இளைஞர்கள் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பதாரி க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தில் சித்தியடைந்தவனாகவும் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவனாகவும் இருத்தல் வேண்டும். அவன்/அவள் தனது நன்னடத்தைச் சான்றிதழை அவனது/அவளது கிராம உத்தியோகத்தரிடமிருந்து பெற்று இணைத்தல் வேண்டும். காரியாலயத்தைக் கூட்டித் துடைக்க ஒரு பெண்ணும் இரவுக் காவலுக்கு ஒரு ஆணும் தேவை."

இதை எழுதியவருக்குத் தீய எண்ணம் எதுவும் இல்லை; அடைப்புக்குறிக்குள் 'ஆண்/பெண்' என்று போட்டிருப்பதே அதற்குச் சான்று. ஆனால் அந்த அடைப்புக்குறி கொடுத்ததை அடுத்துவரும் வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன.

முதலில் 'இளைஞர்கள்' என்ற சொல்லைப் பார்க்கலாம். இதில் 'அர்' விகுதி இருப்பதால் பொதுச்சொல்லாகவே தோன்றும். ஆனால் இலங்கையில் 'இளைஞர் யுவதிகள்' என்று சேர்த்தே எழுதியும் பேசியும் பழகிவிட்டோம். யுவதி என்ற இணைச்சொல் பக்கத்தில் நின்று பழகியதால், 'இளைஞர்' தனியே வரும்போதுகூட ஆணையே குறிப்பதாகக் காதில் விழுகிறது. இதே கதிதான் ஆசிரியருக்கும் மாணவருக்கும். 'ஆசிரியர்' என்பது இயல்பாகவே இருபாலாருக்கும் உரிய சொல். ஆனால் ஓர் ஆவணத்தின் மூன்றாம் பக்கத்தில் 'ஆசிரியை' என்று ஒருமுறை எழுதிவிட்டால், மற்றப் பக்கங்களில் உள்ள 'ஆசிரியர்' எல்லாம் ஆணாகச் சுருங்கிவிடும். பெண்பாற் சொல்லை அவ்வப்போது சேர்ப்பது பெண்களை உள்ளடக்குவதாகத் தோன்றினாலும், சேர்க்காத இடங்களிலிருந்து அவர்களை வெளியேற்றிவிடுகிறது. ஆகவே பதவிப் பெயர்களில் ஒன்றைத் தெரிவுசெய்து ஆவணம் முழுவதும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். இளைஞருக்கு 'இளையோர்' என்ற நல்ல மாற்று இருக்கிறது. ஆனால் இந்த அறிவித்தலுக்கு அதுவும் தேவையில்லை. வயதெல்லை இருந்தால் அதை எண்ணில் சொல்லலாம்; இல்லையென்றால் அந்த வாக்கியத்தையே நீக்கிவிடலாம்.

அடுத்தது 'சித்தியடைந்தவனாகவும்', 'வைத்திருப்பவனாகவும்' என்பவை. கண்ணில் எளிதில் படாமல் ஒளிந்திருக்கும் ஆண்பால் இதுதான். 'சித்தியடைந்தவராக' என்று மாற்றினால் போதும். அதைவிடச் சுருக்கமானது 'சித்தியடைந்திருத்தல் வேண்டும்' என்பது. தமிழ் வினைகளில் ஒரு பெரும் பகுதிக்குப் பால் காட்டும் விகுதியே கிடையாது. வேண்டும், கூடாது, செய்யலாம், வழங்கப்படும், செய்தல், செய்யும், செய்த முதலிய வடிவங்கள் எவருக்கும் பொருந்துவன. விதிகளும் அறிவித்தல்களும் பெரும்பாலும் இவ்வடிவங்களிலேயே நடப்பதால், கொஞ்சம் கவனித்தால் 'அவர்' என்ற சொல்கூடத் தேவைப்படாது.

'அவன்/அவள்', 'அவனது/அவளது' என்ற சாய்கோட்டு இரட்டைகள் பெரும்பாலும் ஆங்கிலப் படிவங்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்தவை. ஆங்கில வாக்கியத்தில் எழுவாயை எளிதில் விட முடியாது, தமிழில் விடலாம். விட முடியாத இடத்தில் 'தாம்', 'தமது' என்ற சொற்கள் இருக்கின்றன. தற்சுட்டுப் பெயர்களான இவற்றுக்குப் பால் வேறுபாடு எப்போதுமே இருந்ததில்லை. 'தான்', 'தனது' என்பவற்றுக்கும் இல்லை. ஆயினும் 'அவர்' என்று தொடங்கிய வாக்கியத்தில் 'தனது' வந்தால் மரியாதை நடுவழியில் குறைந்துவிடும் என்பதால் 'தமது' என்றே எழுதுவது நன்று. 'ஒவ்வோர் ஊழியரும் தங்களது அடையாள அட்டையை' என்று எழுதுவதையும் காண்கிறோம். ஒவ்வொருவரைப் பற்றிப் பேசும்போது பன்மைக்குத் தாவ வேண்டியதில்லை, 'தமது' போதும்.

மோட்டார் சைக்கிள் விவகாரம் சொல் பற்றியது மட்டுமன்று. வேலைக்கு உண்மையில் தேவையானது ஒரு நாளில் பல பிரிவுகளுக்குப் போய்வருவது. முச்சக்கர வண்டியிலோ, பஸ்ஸில் இறங்கி நடந்தோ அதைச் செய்ய முடியுமானால், வாகனத்தைக் கேட்பது, அதை வைத்திருப்போர் பெரும்பாலும் யாரோ அவர்களையே கேட்பதாகிவிடும். தேவையை எழுத வேண்டும். அதை நிறைவேற்றும் வழியை விண்ணப்பிப்பவரிடம் விட்டுவிடலாம். வாகனம் இல்லாமல் வேலை நடக்காது என்று சங்கம் ஆராய்ந்து முடிவெடுத்திருந்தால், அதை மறைக்காமல் எழுதுவதே நேர்மை. சொல்லை மட்டும் பொதுவாக்கிவிட்டு நேர்முகத் தேர்வில் அதே நிபந்தனையை வாய்வழியாக வைப்பதால் எவருக்கும் நன்மையில்லை.

கடைசி வரியில் வேலையின் பெயர் காணாமற்போய், ஆளின் பால் மட்டுமே எஞ்சி நிற்கிறது. துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலாளர் என்று வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. திருத்திய அறிவித்தல் இப்படி அமையும்:

"தோட்டப் பிரிவுகளில் சேமிப்புப் பணம் சேகரிப்பதற்கு வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவரும், காரியாலயத்துக்குத் துப்புரவுப் பணியாளர் ஒருவரும், இரவுக் காவலாளர் ஒருவரும் தேவை. பால்நிலை வேறுபாடின்றி எவரும் விண்ணப்பிக்கலாம். வெளிக்கள உத்தியோகத்தர் பதவிக்கு க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தில் சித்தியடைந்திருத்தல் வேண்டும். நாளாந்தம் பல பிரிவுகளுக்குச் சென்றுவர இயலுமாயிருத்தல் வேண்டும். பயணச் செலவு வழங்கப்படும். கிராம உத்தியோகத்தரிடமிருந்து பெற்ற நன்னடத்தைச் சான்றிதழை விண்ணப்பத்துடன் இணைத்தல் வேண்டும்."

இது பழையதைவிடத் தெளிவாக இருக்கிறது. சாய்கோடு ஒன்றும் இல்லை. 'எவரும் விண்ணப்பிக்கலாம்' என்ற வாக்கியம் மிகையாகத் தோன்றலாம். ஆனால் காவல் வேலையை ஆண்களும் துப்புரவு வேலையை பெண்களுமே பார்த்துவந்த இடத்தில், பொதுச்சொல்லின் மௌனத்தை மக்கள் பழைய வழக்கப்படியே நிரப்பிக்கொள்வார்கள். ஆகவே ஒருமுறை வெளிப்படையாகச் சொல்வது நல்லது. 'பெண்களும் விண்ணப்பிக்கலாம்' என்று எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அந்த 'உம்' சலுகை கொடுப்பதுபோல் ஒலிக்கிறது.

பதவிப் பெயர்களைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழில் 'உத்தியோகத்தர்' என்ற சொல் இதற்குப் பெரிதும் கைகொடுக்கிறது. கிராம உத்தியோகத்தர், தாதி உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர் எனப் பல பதவிகள் அவ்வாறே வழங்குகின்றன. பிரதேச சபையின் 'தவிசாளர்', பாடசாலையின் 'அதிபர்' ஆகியவையும் எவருக்கும் பொருந்துவனவே. தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவரை 'ஆயா' என்றே அழைத்து வந்தோம். இப்போது 'சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்' என்று எழுதுகிறோம். பெயர் மாறியதோடு, அந்த வேலைக்குப் பயிற்சியும் தகைமையும் உண்டு என்பதும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. 'கங்காணி' என்பதில் ஆண்பால் விகுதி எதுவும் இல்லை. நெடுங்காலம் ஆண்களே அவ்வேலையில் இருந்ததால், பெண் ஒருவர் அதற்கு வரும்போது 'பெண் கங்காணி' என்று எழுதத் தோன்றுகிறது. பெயர்ப்பட்டியலிலோ சம்பளப் பதிவிலோ அந்த அடைமொழிக்கு வேலையில்லை, 'கங்காணி' என்பதே போதும். பெண்கள் எத்தனை பேர் அப்பதவிக்கு வந்திருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதும்போது மட்டும் 'பெண் கங்காணிகள்' என்பது தேவையான தகவல். சட்டத்தாலோ வர்த்தமானியாலோ நிலைபெற்ற பதவிப் பெயர்களை நாமாக மாற்றி எழுதக்கூடாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அந்தப் பெயரில் வரும் கடிதம் சரியான மேசைக்குப் போய்ச்சேர வேண்டுமல்லவா.

இனிப் படிவம். இங்கே விகுதியைவிடக் கேள்விகளே சிக்கலைத் தருகின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே, இந்தத் தகவலை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டுப் பார்த்தால் பல கட்டங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். நமது சங்கத்தின் படிவம் 'திரு/திருமதி/செல்வி' என்று தொடங்குகிறது. ஆணிடம் கேட்காத திருமண நிலையைப் பெண்ணிடம் மட்டும் இது கேட்கிறது. அதை நீக்கிவிட்டு 'முழுப்பெயர்' என்று மட்டும் கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. பதில் கடிதத்தில் 'ஐயா/அம்மணி' என்று விளிப்பதற்குப் பதிலாக 'அன்புடையீர்' என்று தொடங்கலாம். பழைய சொல், எவருக்கும் பொருந்தும்.

அடுத்த கட்டம் 'தந்தை/கணவர் பெயர்'. ஆணுக்குத் தந்தையின் பெயரும் மணமான பெண்ணுக்குக் கணவரின் பெயரும் எழுத வேண்டும் என்பது எழுதப்படாத பொருள். இந்தக் கட்டத்தின் நோக்கத்தைக் கேட்டால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, ஆபத்து அவசரத்தில் யாருக்கு அறிவிப்பது என்பது. அதற்கு 'அவசர வேளையில் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர், உறவுமுறை, தொலைபேசி இலக்கம்' என்று கேட்கலாம். மற்றது, பெயரின் முதலெழுத்து எதைக் குறிக்கிறது என்பது. அதற்கு 'முதலெழுத்துகளால் குறிக்கப்படும் பெயர்கள்' என்ற கட்டமே நமது அரசாங்கப் படிவங்களில் ஏற்கனவே இருக்கிறது. திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொள்ளும் பெண்களின் பரீட்சைச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்தும் பிற ஆவணங்களில் கணவருடையதும் இருப்பதால், சரிபார்க்கும்போது குழப்பம் ஏற்படுவதுண்டு. 'சான்றிதழ்களில் பெயர் வேறுவிதமாக இருப்பின் அதனையும் குறிப்பிடுக' என்று ஒரு வரி சேர்த்தால் அது தீரும். பெயரை வேறு காரணங்களால் மாற்றிக்கொண்டவர்களுக்கும், தமது பால்நிலைக்கு ஏற்பப் பெயர் மாற்றிய திருநருக்கும் அதே வரி பயன்படும். எவரும் காரணம் சொல்ல வேண்டியிராது.

கடன் விண்ணப்பத்தில் 'குடும்பத் தலைவரின் கையொப்பம்' கேட்கப்படுகிறது. பொறுப்பேற்க ஒருவர் தேவை என்றால் 'பிணையாளி' என்று கேட்க வேண்டும். வாழ்க்கைத்துணையின் சம்மதம் தேவை என்றால் 'வாழ்க்கைத்துணையின் கையொப்பம்' என்று கேட்டு, ஆண் விண்ணப்பித்தாலும் பெண் விண்ணப்பித்தாலும் அதே கட்டத்தை நிரப்பச் செய்ய வேண்டும். 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்ற வகைப்பாட்டை மட்டும் பொதுமை என்ற பெயரில் நீக்கிவிடக்கூடாது. உதவித் திட்டங்கள் அந்த வகைப்பாட்டைக் கொண்டே பயனாளிகளைத் தெரிவுசெய்வதால், அதை அழித்தால் அவர்கள் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார்கள்.

பால் என்ற கட்டம் தேவையா? புள்ளிவிபரத்துக்காகத் தேவைப்படலாம். அப்படியானால் தெரிவுசெய்வோர் பார்க்காத தனித்தாளில் அதைக் கேட்டு, ஆண், பெண், வேறு, குறிப்பிட விரும்பவில்லை என நான்கு தெரிவுகளைத் தரலாம். ஆனால் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டதால் விண்ணப்பம் பால் அறியாததாகிவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்திலேயே அது இருக்கிறது. 12 இலக்கங்கள் கொண்ட புதிய எண்ணில் முதல் 4 இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த 3 இலக்கங்கள் அந்த ஆண்டில் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதையும் குறிக்கும். பெண்ணாயின் அந்த நாளோடு 500 கூட்டப்படும். பெப்ரவரி 15ஆம் திகதி பிறந்த ஆணுக்கு 046 என்றும் அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 546 என்றும் இருக்கும். எழுத்தில் முடியும் பழைய இலக்கத்திலும் ஆண்டுக்கு 2 இலக்கங்கள் போக, அடுத்த 3 இலக்கங்கள் இதே முறையில்தான் அமைந்தன. ஆகவே பெயரை மறைத்து விண்ணப்பங்களைத் தரப்படுத்த விரும்பும் குழு, அடையாள அட்டை இலக்கத்தையும் மறைத்தாக வேண்டும். அதை நேர்முகத் தேர்வின்போது சரிபார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் கொள்கைகளும் விதிகளும். இங்கே எதிர்த்திசையிலும் தவறு நேரலாம். பால்நிலைப் பொதுமையில் ஆர்வம் கொண்ட ஒருவர் 'பிரசவ விடுமுறை' என்பதைப் 'பெற்றோர் விடுமுறை' என்று மாற்றினால், அது முன்னேற்றமாகத் தோன்றும். ஆனால் பிரசவத்துக்கான உரிமை 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்திலிருந்து பெண் தொழிலாளருக்கு வருவது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், எத்தனையாவது பிள்ளையாயினும் அது 84 நாட்கள். பொதுச்சொல்லால் அதை மூடினால், அந்த நாட்கள் யாருக்கு, எதற்கு என்ற வாதம் பிறக்கும். பிரசவிப்பது உடல் சார்ந்த நிகழ்வு. அதற்குரிய விதியில் பெண் என்ற சொல் இருந்தே ஆக வேண்டும். பிள்ளை நோயுற்றால் பார்த்துக்கொள்வது அப்படியன்று. ஆகவே 'தாய்மார் தமது பிள்ளை நோயுற்றிருக்கும்போது அரைநாள் விடுமுறை பெறலாம்' என்ற விதியை 'பிள்ளையைப் பராமரிக்கும் ஊழியர்' என்று மாற்றுவதே பொருத்தம். தந்தையும் பாட்டியும் அதில் அடங்குவர்.

பாலியல் தொந்தரவு பற்றிய விதியில் பல நிறுவனங்கள் 'ஆண் ஊழியர் பெண் ஊழியரை' என்றே எழுதுகின்றன. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவோ, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், எவராயினும் இன்னொருவரைத் தொந்தரவு செய்வது என்றே பேசுகிறது. நாட்டின் சட்டம் கொடுக்கும் பாதுகாப்பைவிடக் குறைவானதை ஒரு நிறுவனத்தின் விதி கொடுப்பது வேடிக்கையானது. இங்கே 'எவரேனும் ஓர் ஊழியர் மற்றொருவரை' என்று எழுதுவது மொழி அழகுக்காக அன்று, முறைப்பாடு செய்ய வரும் ஓர் ஆண் தொழிலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பப்படாமல் இருப்பதற்காக.

'இவ்விதிகளில் ஆண்பாலைக் குறிக்கும் சொற்கள் பெண்பாலையும் உள்ளடக்கும்' என்று முதற் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். 1901ஆம் ஆண்டின் பொருள்கோடல் கட்டளைச் சட்டம் எழுத்துச் சட்டங்களுக்கு அத்தகைய ஏற்பாட்டைச் செய்திருக்கிறது; சட்டத்தரணிக்கு அது போதும். ஆனால் அறிவித்தல் பலகையில் 'வைத்திருப்பவனாக' என்று வாசிப்பவர், அதற்குப் பொருள் சொல்லும் வரியைத் தேடிப் போவதில்லை. இது தமக்கல்ல என்று திரும்பிவிடுவார்.

திருத்தி முடித்ததைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. கணினியில் ஆவணத்தைத் திறந்து 'அவன்', 'அவள்', 'அவனது', 'அவளது', 'வனாக', 'ளாக' என்ற துண்டுகளையும் சாய்கோட்டையும் தேடிப் பார்க்கலாம்; 'நாளாக' போன்ற தொடர்பில்லாதவையும் அகப்படும், அவற்றைத் தாண்டிவிட வேண்டும். பின்னர் ஒரு முறை பெண் பெயரையும் ஒரு முறை ஆண் பெயரையும் எழுவாயாக வைத்து ஒவ்வொரு விதியையும் வாய்விட்டு வாசிக்க, எந்த வரியில் நா இடறுகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது. இவற்றோடு, அந்த வேலைக்கு விண்ணப்பிக்கக்கூடிய ஒருவரிடம் அறிவித்தலை வாசிக்கக் கொடுத்து, இதற்கு யார் யார் விண்ணப்பிக்கலாம் என்று கேட்டுப் பார்ப்பதும் நல்லது. 'இளைஞர்கள்' போன்ற சொற்களைக் கணினி காட்டிக்கொடுக்காது.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் ஒரு நடைமுறை ஒழுங்கு இருக்கிறது. அறிவித்தலையும் படிவத்தையும் நிர்வாகக் குழுவே அடுத்த அச்சடிப்பில் மாற்றிவிடலாம். சங்கத்தின் யாப்பில் உள்ள சொற்களை மாற்றுவதற்கோ பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற வேண்டும். அதுவரை யாப்பில் பழைய பதவிப் பெயர் இருந்தால், படிவத்தில் புதிய பெயரை எழுதி, அது யாப்பின் எந்தப் பிரிவில் உள்ள பதவியைக் குறிக்கிறது என்று அடியில் ஒரு வரி சேர்த்துவிட்டால் கணக்காய்வாளருக்குக் குழப்பம் வராது.